வெங்காயச் சாறு, வெந்தயம், ரோஸ்மேரி எண்ணெய்: மூன்றையும் மாதக்கணக்கில் தலையில் போட்டுப் பார்த்த பிறகு

டெங்கு வந்து தேறியவர்களுக்குத் தெரியும்: காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரு நாள் தலை வாரும்போது சீப்பு நிறைய முடி வரும். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. குளியலறை வடிகாலை வாரத்துக்கு இருமுறை சுத்தம் செய்யும் அளவுக்குக் கொட்டியது. அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக வெங்காயச் சாறு, வெந்தயம், ரோஸ்மேரி எண்ணெய் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பயன்படுத்தினேன். வழுக்கை விழ ஆரம்பித்த என் தம்பியும் ரோஸ்மேரியில் சேர்ந்துகொண்டான்.

முதலில் வெங்காயம். ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை உரித்து, தண்ணீர் விடாமல் மிக்ஸியில் அடித்து, மெல்லிய வெள்ளைத் துணியில் பிழிந்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சாறு வரும். வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் படாமல் மண்டைத் தோலில் மட்டும் பஞ்சால் ஒற்றி, அரை மணி நேரத்துக்குள் அலசிவிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை செய்தேன். சரியாக வடிகட்டாவிட்டால் சக்கை முடியில் ஒட்டி, காய்ந்ததும் பொடுகு போல உதிரும். வாடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஷாம்பு போட்டால் போய்விட்டது போலத்தான் இருக்கும்; மதியம் வேர்த்ததும் திரும்பி வரும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜன்னலைத் திறந்தார், நான் காரணம் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் கொட்டுவது பாதியாகக் குறைந்தது. அம்மா முழுப் பெருமையையும் வெங்காயத்துக்கே கொடுத்தார். ஆனால் அதே பருவத்தில் டெங்குவில் படுத்த என் அலுவலகத் தோழி தேங்காய் எண்ணெயைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. அவளுக்கும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் குறைந்தது.

காரணம் முடியின் சுழற்சியில் இருக்கிறது. கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி உணவுமுறை போன்ற அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். ஓய்வு முடிந்து உதிர இரண்டு மூன்று மாதமாகும். அதனால்தான் காய்ச்சலையும் முடி கொட்டுவதையும் பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை. உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுனியில் குண்டூசித் தலை மாதிரி சின்ன வெள்ளை முடிச்சு தெரியும். ‘வேரோடு வருகிறதே’ என்று பயப்படுவோம். அது ஓய்வு முடித்த முடியின் அடி மட்டும்தான். முடி முளைக்கும் குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. வேறு காரணம் எதுவும் கூடச் சேராவிட்டால் இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். நாமோ உச்சத்தில் கொட்டும்போதுதான் வைத்தியத்தைத் தொடங்குகிறோம். அந்த நேரத்தில் தலையில் எதைத் தடவினாலும் அது வேலை செய்த மாதிரிதான் தெரியும்.

அப்படியானால் வெங்காயத்துக்கு ஆதாரமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு நோய்க்கு. 2002-இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வுதான் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. அதில் கலந்துகொண்டவர்களுக்கு இருந்தது புழுவெட்டு, அதாவது காசு அளவுக்கு வட்டமாக முடி போய் வழவழவென்று தோல் தெரியும் நிலை. உடலின் எதிர்ப்புச் சக்தி முடிக்குழிகளையே தாக்குவதால் வருவது. 23 பேர் தினமும் இருமுறை வெங்காயச் சாறு தடவினார்கள். ஆறு வாரத்தில் 20 பேருக்கு முடி முளைத்தது. வெறும் குழாய்த் தண்ணீர் தடவிய 15 பேரில் இரண்டு மாதம் கழித்து இரண்டு பேருக்குத்தான் முளைத்தது. சின்ன ஆய்வு, அதிலும் வெங்காயமா தண்ணீரா என்பது மூக்குக்கே தெரிந்துவிடும். இருந்தாலும் வித்தியாசம் பெரியது. புழுவெட்டில் சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பது நம் பக்கத்துப் பாட்டிமார் சொல்வதுதானே! பொதுவான முடி உதிர்வுக்குத் தலை முழுக்கத் தடவ அவர்களும் சொல்லவில்லை, பாக்தாத் ஆய்வும் சொல்லவில்லை.

வெந்தயத்தை நான் இன்னும் விடவில்லை. இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடே நைசாக அரைத்து, அரை மணி நேரம் தலையில் வைத்து அலசினால் முடி பட்டுப்போல் வழுக்கும், சிக்கு விழாது. வெந்தயத்தின் கொழகொழப்பு முடியின் மேல் படிவதால் வரும் பலன் அது. சிக்கு குறைந்தால் சீப்பில் அறுந்து வரும் முடியும் குறையும். ‘வெந்தயம் போட்டதிலிருந்து கொட்டவில்லை’ என்பதில் ஒரு பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. வெந்தயச் சாற்றை மாத்திரையாக விழுங்கவைத்துச் செய்த சிறு ஆய்வு உண்டு. ஆனால் அரைத்துத் தடவும் விழுதுக்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. கடலை, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமை தரலாம். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிடுங்கள்.

ரோஸ்மேரி தம்பியின் கதை. அவனுக்கு நெற்றி ஓரங்கள் ஏறிக்கொண்டே போகின்றன, அப்பாவுக்குப் போனது போலவே. 2015-இல் ஈரானில் இந்த வகைப் பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், மீதிப் பேருக்கு மினாக்சிடில் என்ற, வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்தை 2 சதவீத அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் இரண்டிலும் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. ஆறாம் மாதம் இரண்டிலும் முடி எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருந்தது. அரிப்பு ரோஸ்மேரியில் குறைவு. ‘மினாக்சிடிலுக்குச் சமம்’ என்ற விளம்பரமெல்லாம் இங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஆண்களுக்கு இன்று வழக்கமாகத் தரப்படுவது 5 சதவீதம். மருந்தே இல்லாத வெற்று எண்ணெய் தடவிய மூன்றாவது குழுவும் அந்த ஆய்வில் கிடையாது.

வாங்கும்போது கவனம் தேவை. ‘ரோஸ்மேரி ஆயில்’ என்று கடையில் கிடைப்பதில் சில, வேறு எண்ணெயில் பெயருக்குக் கலந்தவை. சில கலக்காத வீரிய எண்ணெய். அதை நேரடியாகத் தடவினால் தோல் எரியும். நாங்கள் 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 சொட்டு வைத்தோம், கிட்டத்தட்ட 2 சதவீதம் வரும். எனக்குப் பொடுகு அதிகமானது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. அதனால் நிறுத்திவிட்டேன். தம்பி மாதாமாதம் அதே ஜன்னலருகில், உலர்ந்த தலையோடு படம் எடுத்தான். எட்டு மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம்: நெற்றி ஓரம் நிரம்பவில்லை, மேற்கொண்டு ஏறியதாகவும் தெரியவில்லை. எண்ணெயாலா, இல்லை அவன் வழுக்கை மெதுவாகப் போகும் ரகமா, படத்தை வைத்துச் சொல்ல முடியாது. தோல் மருத்துவர் சொன்ன மினாக்சிடிலுக்கு இப்போது மாறிவிட்டான்.

எனக்கு ஆறு மாதம் தாண்டியும் கொஞ்சம் கொட்டிக்கொண்டே இருந்தது. மருத்துவர் தலையைப் பார்த்த நேரத்தைவிட மாதவிடாய், சாப்பாடு பற்றிக் கேட்ட நேரம் அதிகம். தைராய்டும், உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னார். தைராய்டு சரி, ஃபெரிட்டின் அடிமட்டம். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்க்காமல் சில மாதம் எடுத்தேன். கொட்டுவது மெல்ல அடங்கியது. வகிட்டோரம் குட்டி முடிகள் இப்போது சீப்புக்கு அடங்காமல் நிற்கின்றன. வட்டமாக முடி போனாலோ, வகிடு அகன்றுகொண்டே வந்தாலோ, தோல் சிவந்து வலித்தாலோ, வெங்காயம் உரிக்கும் முன் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.