காதால் படிப்பவளின் கணக்கில் ஹேஷ்டேக்கும் அலங்கார எழுத்தும்

கணினியில் திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானையும் கையில் கைப்பேசியின் வாசிப்பானையும் வைத்துக்கொண்டுதான் பல ஆண்டுகளாக என் பொழுது ஓடுகிறது. நான் இருப்பது மொரிசியஸின் காத்ர் போர்ன். இங்கே ஒரே அறிவிப்பில் தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் கிரியோலும் கலந்து வரும். அதற்கு வாசிப்பான் பழகிவிட்டது. எழுத்துக்கு வேஷம் கட்டினால்தான் அது தடுமாறுகிறது.

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை நாள். கோர் த கார்த் மலைக்கோயிலுக்குப் போகிறவர்களுக்காக ஒரு சங்கம் இப்படி ஒரு தலைப்பு வைத்து அறிவிப்புப் போட்டிருந்தது:

```
𝐓𝐡𝐚𝐢𝐩𝐨𝐨𝐬𝐚𝐦 𝐂𝐚𝐯𝐚𝐝𝐞𝐞
```

பார்ப்பவருக்கு இவை தடித்த எழுத்துகள். உண்மையில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் கணிதச் சூத்திரங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தனிக் குறிகள். சாதாரண T-யின் எண் U+0054. இங்கே இருப்பது U+1D413. இரண்டு சொற்களிலும் சேர்த்து பதினேழு எழுத்துகள். வாசிப்பானின் சில குரல்கள் ஒவ்வொன்றுக்கும் 'கணிதத் தடித்த பெரிய டி' என்கிற மாதிரி முழுப்பெயரை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும். அது எரிச்சல்தான், ஆனாலும் ஏதோ இருக்கிறது என்றாவது தெரிகிறது. வேறு சில குரல்கள் எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். அறிவிப்பில் நேரம் வரும், இடம் வரும்; எதற்கான அறிவிப்பு என்பது மட்டும் வராது. எனக்கு இதுதான் மோசம்.

சந்தேகம் வந்தால் அந்த எழுத்தின் மேல் நின்று எண்பலகையின் 2-ஐ மூன்று முறை விரைந்து அழுத்துவேன். என்விடிஏ எழுத்தின் எண்ணைச் சொல்லிவிடும். 1D4 என்று தொடங்கினால் வேஷம் கலைந்தது. 2024.3 பதிப்பிலிருந்து, இத்தகைய குறிகளைச் சாதாரண எழுத்தாக மாற்றிப் படிக்கும் யூனிகோட் இயல்பாக்க வசதி அமைப்புகளில் இருக்கிறது. அதை இயக்கியபின் மேலே உள்ள தலைப்பு ஒழுங்காகக் கேட்கிறது. ஆனால் ᴛʜᴀɪ என்று குட்டிப் பெரிய எழுத்துகளில் எழுதினால் இந்த வசதி கைகொடுக்காது. அவற்றுக்கு இணையான சாதாரண எழுத்து யூனிகோடில் குறிக்கப்படவில்லை. தடித்துக் காட்டத்தான் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் `*தைப்பூசம்*` என்று உடுக்குறி போடலாம். எழுத்து மாறாது, தோற்றம் மட்டும் மாறும்.

தமிழுக்கு அந்தக் கணித எழுத்துகள் கிடையாது என்று நிம்மதியடைய முடியவில்லை. தை ப் பூ ச ம் என்று இடைவெளி விட்டு அழகு பார்க்கிறார்கள்; வாசிப்பான் ஐந்து சொற்களாக உதிர்க்கிறது. பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதில் 'தமிழ்' என்பது `jkpo;` என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். என் காதுக்கும் அந்தக் குப்பைதான் வரும்.

ஹேஷ்டேக் வேறு கதை. `#quatrebornescavadee` என்று எழுதினால் ஆங்கிலக் குரல் அதை ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டு, எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் குதறிவிடும். `#QuatreBornesCavadee` என்றால் மூன்று சொற்களும் தனித்தனியாகக் கேட்கின்றன. பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, இரண்டும் ஒரே ஹேஷ்டேக்காகவே சேரும். ஆகவே இதை மாற்றுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. சொன்னதும், சங்கத்தின் அறிவிப்புகளைக் கவனிக்கும் தம்பியும் இதை உடனே ஏற்றுக்கொண்டார்.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் சரியானது: "தமிழில் பெரிய எழுத்தே இல்லையே அக்கா, அங்கே என்ன செய்வது?" இடைவெளியோ சிறுகோடோ போட்டால் ஹேஷ்டேக் அங்கேயே அறுந்துவிடும். அறாமல் தாங்குவது அடிக்கோடு ஒன்றுதான். `#மொரிசியஸ்_தைப்பூசத்_திருவிழா` என் குரலில் தெளிவாகப் பிரிகிறது. நிறுத்தற்குறிகளைக் கூடுதலாகப் படிக்கச் சொல்லியிருப்பவர்களுக்கு நடுவே கோட்டின் பெயரும் கேட்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பெரிய எழுத்தைப் போல அடிக்கோடு கண்டுகொள்ளாமல் விடப்படுவதில்லை. கோடு உள்ளதும் இல்லாததும் இரண்டு வெவ்வேறு ஹேஷ்டேக்குகள். ஒன்றைத் தேடுபவருக்கு மற்றதில் உள்ள படங்கள் கிடைக்காது. அதனால் எல்லா இடத்திலும் கோடு போடச் சொல்ல மாட்டேன். `#தைப்பூசக்காவடி` ஒற்று மிகுந்து தமிழில் இயல்பாகவே ஒரே சொல்லாக நிற்கிறது. குரலும் திணறாமல் படிக்கிறது. ஊர்ப்பெயரும் ஆண்டும் விழாப்பெயரும் நீண்டு ஒட்டும்போதுதான் கோடு தேவை. திருவிழாவுக்கு முன்பே சங்கம் ஒரு வடிவத்தை முடிவு செய்து சுவரொட்டியிலும் அதையே அச்சிட்டால் குழப்பமிருக்காது.

இப்போது அந்தச் சங்கத்தின் அறிவிப்புகளில் ஹேஷ்டேக்குகள் வாக்கியத்தின் நடுவே வராமல் கடைசியில் வருகின்றன. செய்தியைக் கேட்டதும் நான் அடுத்ததற்குப் போய்விடலாம். தலைப்பு சாதாரண எழுத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி மயில், திரிசூலம் என்று ஏழெட்டுப் படக்குறிகள் மட்டும் இன்னும் ஒழியவில்லை. ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு முடித்தபிறகுதான் பால்குடம் எத்தனை மணிக்கு என்பது தெரிகிறது.