பதினாறாம் நிரையில் நின்றுபோன கூட்டுத்தொகை

கொக்குவிலில் எங்கள் சனசமூக நிலையத்தின் கணக்கை ஏழு வருடங்களாக எக்செலில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு நீளக் கொப்பிதான். கூட்டல் பிழைத்தால் பக்கத்தையே மறுபடி எழுத வேண்டும். அந்தத் தொல்லையிலிருந்து என்னை மீட்டது ஆட்டோசம் என்பதில் சந்தேகமில்லை. என்னை மாஸ்டருக்கு முன்னால் தலை குனிய வைத்ததும் அதுவே.

ஆண்டு விழாவுக்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாகப் போய் அன்பளிப்புச் சேர்த்தோம். முதல் ஞாயிறு கிடைத்த 14 தொகைகள் C2 முதல் C15 வரை. இரண்டாம் ஞாயிறு கிடைத்த 9 தொகைகள் C17 முதல் C25 வரை. நடுவில் 16ஆம் நிரையை வெறுமையாக விட்டேன். கொப்பியில் நாள் மாறினால் ஒரு வரி விட்டு எழுதிய பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

கூட்டும்போது C2இல் நின்று Ctrl+Shift+↓ அழுத்தினேன். எண்கள் தொடர்ந்து இருக்கும்வரை ஓடி, வெற்றுக்கலம் வந்தவுடன் நின்றுவிடும் விசை அது. எனவே தெரிவு C15உடன் முடிந்தது. அதைக் கவனிக்காமல் Alt+= அழுத்தினேன். தெரிவு செய்த எண்களுக்குக் கீழே உள்ள முதல் வெற்றுக்கலத்தில் விடையைப் போடுவது ஆட்டோசம்மின் வழக்கம். ஆகவே 48,500 என்ற விடை 16ஆம் நிரையில் போய் உட்கார்ந்தது.

அங்கேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நானோ, விடை இடம் மாறி விழுந்துவிட்டது என்று நினைத்து அதை வெட்டி C26இல் ஒட்டினேன். வெட்டி ஒட்டினால் சூத்திரம் சுட்டும் கலங்கள் மாறுவதில்லை. பட்டியலின் அடியில், தடித்த எழுத்தில், பார்ப்பதற்கு முழுத் தொகை போலவே இருந்தது. உள்ளே இருந்ததோ இதுதான்:

```
=SUM(C2:C15)
```

ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான மாஸ்டர்தான் எங்கள் கணக்காய்வாளர். ரசீதுப் புத்தகத்தையும் கல்குலேட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, ரசீது 23 கிழித்திருக்கிறீர்கள். கூட்டினால் 79,750 வருகிறது. மிச்சம் 31,250 எங்கே?" என்றார். காசு பெட்டியில் பத்திரமாக இருந்தது. கணக்கில்தான் இல்லை.

SUM மேல் குற்றம் இல்லை. C2:C25 என்று கொடுத்தால், நடுவில் உள்ள வெற்றுக்கலத்தைப் பொருட்படுத்தாமல் சரியாகக் கூட்டித் தரும். எந்தக் கலங்களைக் கூட்டுவது என்ற ஊகம்தான் வெற்று நிரையில் முறிந்துபோகிறது. அதனால் இப்படி வெற்று நிரை உள்ள தாளில் C26இல் நின்று Alt+= அழுத்துகிறேன். அது C17:C25 என்று ஊகித்துக் காட்டும். Enter அழுத்துவதற்கு முன்பே சுட்டியால் C2இலிருந்து C25 வரை இழுத்துத் திருத்திவிடுகிறேன்.

பிறகு C2 முதல் C25 வரை தெரிவு செய்து, திரையின் அடிப்பட்டியில் Count என்ன காட்டுகிறது என்று பார்க்கிறேன். 23 என்று வர வேண்டும். பக்கத்தில் காட்டும் Sum, என் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். ரசீது எண்ணிக்கை தெரிந்தவர்களுக்கு இதைவிட எளிய சோதனை இல்லை. சந்தேகம் வந்தால் கூட்டுத்தொகைக் கலத்தில் F2 அழுத்துங்கள். கூட்டப்படும் கலங்களைச் சுற்றி வண்ணக்கோடு தெரியும். என் கோடு 15ஆம் நிரையுடன் நின்றிருந்தது.

பட்டியலை Ctrl+T கொடுத்து அட்டவணையாக்கிவிடும்படி நண்பர் ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் ஏற்கெனவே வெற்று நிரை உள்ள தாளில் அதுவும் அதே இடத்தில் தடுக்கி விழுகிறது. முழு நிரையும் வெறுமையாக இருந்தால், அட்டவணையின் எல்லையை 15ஆம் நிரையோடு நிறுத்தித்தான் கேட்கும். அந்தப் பெட்டியிலேயே எல்லையைத் திருத்தாவிட்டால் பழைய கதைதான். நான் வெற்று நிரைகளை அழித்துவிட்டேன். நாள் மாறும் இடத்தில் நிரையின் உயரத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்கிறேன். கண்ணுக்கு இடைவெளி கிடைக்கிறது, எண்களின் தொடர் அறுவதில்லை.

மனம் கேளாமல் பழைய வருடங்களின் தாள்களையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் இதே பிழை தலைகீழாக இருந்தது. அடியில் நின்று ஆட்டோசம் அழுத்தியதால் கீழ்ப்பகுதி மட்டும் கூட்டப்பட்டு, வெற்று நிரைக்கு மேலே இருந்த மூன்று தொகைகள் விடுபட்டிருந்தன. அந்தக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசித்து, எல்லோரும் கையுயர்த்தி ஏற்றுக்கொண்டும் ஆகிவிட்டது. வரும் கூட்டத்தில் எழுந்து நின்று திருத்தத்தை வாசிக்க வேண்டும். மாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை.