அமொக்சிசிலினா, அசித்ரோமைசினா: மைக்கோபிளாஸ்மா இருமலுக்கு எது?

கொக்குவிலில் ரியூசனுக்குப் போகும் பதினாறு வயதுப் பெடியன் ஒருவனுக்கு இரண்டு கிழமையாக வறட்டு இருமல், லேசான காய்ச்சல். ஆள் நடமாடுகிறான், ஆனால் நெஞ்சு எக்ஸ்றேயில் நிமோனியா தெரிகிறது. ஐந்து நாள் அமொக்சிசிலின் குடித்தும் மாற்றமில்லை. இப்படியானால் மைக்கோபிளாஸ்மா நிமோனியே என்ற பக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

அமொக்சிசிலின் பெனிசிலின் குடும்பம். பக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது பெப்டிடோகிளைக்கன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியை அது முடக்குகிறது. சுவர் பலவீனமாகி, உள்ளழுத்தம் தாங்காமல் கிருமி வெடிக்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்கோ சுவரே கிடையாது. மென்சவ்வு மட்டும்தான், அதை உறுதியாக்கும் கொலஸ்ட்ரோலையும் நம்மிடமிருந்தே எடுக்கிறது. அதனால் டோசைக் கூட்டினாலும் பயனில்லை. கிளவுலானிக் அமிலம் சேர்ந்த குளிசையும் அப்படித்தான்: அது பெனிசிலினை உடைக்கும் நொதியைத் தடுப்பது, இங்கே பிரச்சினை அந்த நொதியல்ல.

அசித்ரோமைசின் சுவரைத் தேடுவதில்லை. கிருமியின் ரைபோசோமில் ஒட்டிப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. இந்தப் பெடியனுக்கு என் தெரிவு இதுதான். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். இருமல் மெல்லத்தான் போகும். இறங்காவிட்டால் ரைபோசோமில் மரபணு மாற்றம் வந்த எதிர்ப்புக் கிருமியாக இருக்கலாம். அப்போது டொக்சிசைக்கிளினைப் பற்றி வைத்தியர் யோசிப்பார்.

ஆனால் திடீர்க் குளிர்காய்ச்சலும் துருநிறச் சளியும் வந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் நியூமோகொக்கஸ், சுவருள்ள கிருமி. அங்கே அமொக்சிசிலின்தான் முதலில்.