சோளத்தை வெட்டாதீர்கள்: லீஃப்லெட் தமிழாக்கத்தில் நான் ஏமாந்த கதை

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கான கால் பரிசோதனை முகாம். நாங்கள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்க வாசித்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டார். "ஏன் தம்பி, நான் சோளமே திங்கிறதில்லை, அதை எதுக்கு நானே வெட்டப் போறேன்?"

வாங்கிப் பார்த்தேன். 'சோளத்தை நீங்களே வெட்டாதீர்கள், மருத்துவரை அணுகவும்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'கார்ன்' என்றால் காலாணி என்றும் பொருள் உண்டு. காலாணியை பிளேடால் சீவிப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களுக்காக எழுதிய வரி அது. அதற்குள் நாற்பது பேருக்குக் கொடுத்திருந்தோம். மீதி 960 பிரதிகள் காரில் இருந்தன.

ஒரு சிறிய அறக்கட்டளையில் இந்த மாதிரி வேலைகளைப் பார்ப்பவன் நான். ஆங்கில லீஃப்லெட்டை உருவாக்கியவர்கள் தமிழில் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அவர்களிடமே மூலக் கோப்பு இல்லை, பிடிஎஃப் மட்டும்தான் மிச்சம். ஏ4 தாள், இரண்டு பக்கம், மூன்றாக மடிப்பது, ஏழு படங்கள். 'வடிவமைப்பு, படங்கள், பத்திகள் எதுவும் மாறாமல் தமிழில் தருகிறோம், இரண்டு நாளில்' என்று ஒரு நிறுவனம் சொன்னது. 4,500 ரூபாய், பாதி முன்பணம். சொன்னபடி இரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது. படம், கலர், கட்டம் எல்லாம் அச்சு அசல். போனில் பார்த்தேன், அழகாக இருந்தது, மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். என் தப்பு அங்கேதான். வடிவம் மாறாமல் இருந்ததாலேயே உள்ளே இருப்பதும் மாறவில்லை என்று நம்பிவிட்டேன்.

சோளம் சிரிப்பு. சிரிக்க முடியாதது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அங்கே ஆங்கிலத்தில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் பச்சைப் பட்டையில் 'செய்யுங்கள்', வலப்பக்கம் சிவப்புப் பட்டையில் 'செய்யாதீர்கள்'. தலைப்பிலேயே சொல்லிவிட்டதால் கீழே உள்ள வரிகளில் 'கூடாது' என்று தனியாக எழுதவில்லை. 'காலை நீரில் ஊறவைத்தல்', 'வெந்நீர்ப் பை வைத்தல்' என்கிற மாதிரி மொட்டையாக இருக்கும். எங்கள் தமிழ்ப் பிரதியில் வெந்நீர்ப் பை பச்சைப் பட்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி மரத்துப் போனவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். அவரிடம் போய் வெந்நீர்ப் பை வை என்று நாமே அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம்.

இது எப்படி நடந்தது என்று பிறகு ஒரு வடிவமைப்பாளர் விளக்கினார். சாதாரண பிடிஎஃப் கோப்பில் 'பத்தி' என்று ஒன்று கிடையாது. இந்த எழுத்தை கீழிருந்து இத்தனை, இடமிருந்து இத்தனை தூரத்தில் வை என்ற குறிப்பு மட்டுமே உண்டு. எது எந்தப் பத்தி என்பதை நம் கண்தான் இடைவெளியைப் பார்த்துப் பிரித்துக்கொள்கிறது. மென்பொருள் ஊகிக்கிறது. எங்கள் லீஃப்லெட்டில் இரண்டு பத்திக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதனால் மென்பொருள் இடது பத்தியின் வரியையும் வலது பத்தியின் வரியையும் ஒரே வரியாகச் சேர்த்து வாசித்திருக்கிறது. போதாததற்குச் சிவப்புப் பட்டையில் இருந்த 'செய்யாதீர்கள்' எழுத்தே இல்லை, கோடுகளாக மாற்றி வரைந்த படம். மென்பொருளின் கண்ணில் அது படவே இல்லை. ஆக, நிறுவனம் செய்தது இவ்வளவுதான்: பிடிஎஃப்பை ஏதோ இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் ஏற்றி, ஆங்கிலத்தின் மேல் வெள்ளைக் கட்டம் ஒட்டி அதில் தமிழ் வந்ததை அப்படியே படமாக்கி, அந்தப் படத்தை மறுபடி பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டார்கள். யாரும் ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. நகம் வெட்டும் படத்துக்குள் இருந்த 'சரி', 'தவறு' ஆங்கிலத்திலேயே கிடந்ததையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

போன் போட்டேன். "மிஷின்ல வர்றதுல ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும் சார், திருத்தி அனுப்புறோம்" என்றார்கள். திருத்தத்துக்கு ஒரு இடத்துக்கு ஐம்பது ரூபாய். முதலில் இதைச் சொல்லவில்லையே என்றால், 'ஃபைனல் ஆன பிறகு கரெக்ஷன் தனி சார்ஜ்' என்று வழக்கமான பதில்.

நானே தமிழில் எழுதி, மருத்துவரிடம் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பினேன். நான்காம் நாள் இரண்டாவது கோப்பு வந்தது. இந்த முறை எழுத்து கூர்மையாக இருந்தது, பத்திகளும் சரி. சர்க்கரை அளவு எழுதிய வரியைப் பார்த்தால் 126 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் `mg` இருக்க வேண்டிய இடத்தில் 'அப' என்று இருந்தது.

டிடிபி கடைப் பக்கம் போனவர்களுக்கு இது என்ன என்று தெரிந்திருக்கும். பாமினி. பழைய பாணித் தமிழ் எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துதான். அதற்குத் தமிழ்ச் சட்டை மாட்டிக் காட்டுகிறது எழுத்துரு. பாமினியில் `m` என்பது அ, `g` என்பது ப. எழுத்துருவை மாற்றாமல் அலகைத் தட்டினால் `mg` 'அப' ஆகிவிடும். கோப்பிலிருந்து 'கால்' என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினேன், `fhy;` என்று வந்தது. அச்சுக்கு மட்டும் என்றால் இதோடு காலம் தள்ளலாம், எத்தனையோ கடைகள் தள்ளுகின்றன. எங்களுக்கு இதே வாசகம் இணையதளத்திலும் வாட்ஸ்அப்பிலும் வேண்டும். தேடினால் கிடைக்க வேண்டும், பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் வாசிக்க வேண்டும். பாமினியில் இது ஒன்றும் நடக்காது. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறைதான் வேண்டும் என்று தமிழ்நாடு அரசே 2010ல் ஆணை போட்டுவிட்டது. கடைகளுக்கு இன்னும் சேதி போகவில்லை போலிருக்கிறது.

மூலக் கோப்பைக் கேட்டேன். கம்பெனி பாலிசிப்படி தருவதில்லை என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

நீங்கள் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஐந்து நிமிடம்தான், கம்ப்யூட்டரில் செய்யுங்கள், போனில் வேண்டாம். கோப்பைத் திறந்து 400 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். எழுத்தின் விளிம்பு மங்கி, படிக்கட்டு மாதிரி தெரிந்தால் அது படம். அடோபி ரீடரில் `Ctrl+D` அழுத்தி `Fonts` பகுதிக்குப் போனால் கோப்பில் உள்ள எழுத்துருக்களின் பெயர் வரும். ஒன்றுமே இல்லை என்றால் உள்ளே எழுத்தே இல்லை, எல்லாம் படம் அல்லது வரைந்த கோடுகள். லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு இரண்டு வரி போதும்:

```
pdffonts leaflet.pdf
pdfimages -list leaflet.pdf
```

எங்கள் முதல் கோப்புக்கு முதல் கட்டளை தலைப்பு வரியோடு நின்றுவிட்டது. இரண்டாவது, பக்கத்துக்கு ஒரு படம் என்று காட்டியது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை படப்புள்ளி என்று காட்டும் `x-ppi` என்ற இடத்தில் 96. நல்ல அச்சுக்கு 300 கேட்பார்கள்.

அடுத்து, ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒழுங்கான யூனிகோடு கோப்பிலிருந்து எடுத்தாலும் கொம்பும் காலும் சில நேரம் இடம் மாறி வரும், ஏனென்றால் பிடிஎஃப் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருக்கும். அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தமிழ் எழுத்தே வராமல் `fhy;` மாதிரி வந்தால்தான் பிரச்சினை.

மூன்றாவதாகச் செய்து கொடுத்தவர் மதுரையிலேயே தனியாகத் தொழில் செய்யும் ஒரு பெண்மணி. 7,000 ரூபாய், ஒரு வாரம் என்றார். எடுத்த எடுப்பிலேயே, "அச்சு அசலா அப்படியே வராதுண்ணே, தமிழ் இடம் கேக்கும்" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் ஆங்கிலப் பிடிஎஃப்பின் மேல் கை வைக்கவே இல்லை. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அதை அடியில் பூட்டி வைத்து, மேலே கட்டங்களைப் புதிதாக வரைந்தார். படங்களைப் பிடிஎஃப்பிலிருந்து அதே தரத்தில் உருவி எடுத்து, படத்துக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களை அழித்துத் தமிழில் போட்டார். முதலில் ஒட்டியபோது 'கொப்புளம்' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எனக்குப் பகீர் என்றது. அவர் அலட்டிக்கொள்ளாமல் பத்தி அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுத்தார், கொம்பு முன்னால் வந்துவிட்டது. தமிழ் மாதிரி எழுத்துகள் கூடி உருமாறும் மொழிகளுக்கு அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் சிதறுமாம்.

இடம்தான் பெரிய பாடு. ஆங்கிலம் 10 புள்ளி எழுத்தில், 12 புள்ளி வரி இடைவெளியில் இருந்தது. தமிழுக்கு 9 புள்ளி வைத்தும் 14 இடைவெளி தேவைப்பட்டது. மேலே விசிறி, கீழே சுழி, இரண்டும் முட்டாமல் இருக்க வேண்டுமே. வரிகளும் கூடிவிட்டன. இதற்குமேல் எழுத்தைச் சிறிதாக்கினால் யாருக்காக அச்சடிக்கிறோமோ அந்தப் பாட்டியால் வாசிக்க முடியாது. எனவே கோப்பை என்னிடம் திருப்பி அனுப்பி, "இந்தக் கட்டத்துல மூணு வரி, அதுல ரெண்டு வரி குறைச்சுத் தாங்கண்ணே" என்றார். 'உங்கள் பாதங்களைத் தினந்தோறும் கவனமாகப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்ததை 'தினமும் பாதத்தைப் பாருங்கள்' ஆக்கினேன். சொல்லப்போனால் இதுதான் நல்ல தமிழ். இருபுறமும் சமமாக இழுத்து நிறுத்தும் அமைப்பையும் எடுத்துவிட்டார். குறுகிய பத்தியில் தமிழின் நீளமான சொற்களை அப்படி இழுத்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது.

சிவப்புப் பட்டைக்குக் கீழே இருந்த வரிகளை நானே மாற்றினேன். 'காலை நீரில் ஊறவைக்காதீர்கள்', 'வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்' என்று வரிக்கு வரி மறுப்பை வினையிலேயே வைத்துவிட்டேன். இனி அந்த வரி எந்தப் பத்திக்கு ஓடினாலும், தலைப்பே காணாமல் போனாலும் பொருள் மாறாது.

வேலை முடிந்ததும் கேட்காமலேயே இன்டிசைன் கோப்பு, படங்கள், எழுத்துரு, இன்டிசைனின் பழைய பதிப்புகளிலும் திறக்கும் ஐடிஎம்எல் பிரதி எல்லாவற்றையும் ஒரு ஜிப்பாகக் கொடுத்தார். போன மாதம் முகாமுக்கான தொலைபேசி எண் மாறியபோது நானே திறந்து மாற்றினேன், இரண்டு நிமிடம்.

பழைய நிறுவனத்திலிருந்து 4,500 திரும்பி வரவில்லை. கொடுத்த நாற்பதில் முப்பத்தொன்றை கிராமச் செவிலியர் வீடு வீடாகப் போய் வாங்கி வந்துவிட்டார். ஒன்பது இன்னும் வெளியே இருக்கின்றன.