₹1,37,500 போயிடுச்சு: ஆன்லைன்ல வரன் பாக்கறவங்க இதக் கொஞ்சம் படிச்சுடுங்க

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசியா 80,000 அனுப்புனேன். வெள்ளிக்கிழமை விடிஞ்சா அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இன்னிக்கு ஞாயிறு. மூணு நாளா வயிறு எரியுது, தூக்கம் இல்ல. எல்லாம் சேத்து 1,37,500 ரூபா. அதுல பாதி, என் தம்பி லாரி பாடி கட்டுற பட்டறைல ராத்திரி ஷிஃப்ட் பாத்து சேத்த காசு.

தம்பிக்கு 34 ஆச்சு. நாமக்கல் பக்கம் பொண்ணு கிடைக்கறது எவ்வளவு பாடுன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். அம்மா இல்ல, அதனால அலையறது எல்லாம் நான்தான். ஒரு பெரிய கல்யாண ஆப்ல காசு கட்டிப் பதிஞ்சோம். அஞ்சு வாரத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணோட விருப்பம் வந்துச்சு. கோயமுத்தூர், பி.காம், அப்பா இல்ல, அம்மா மட்டும். பேருக்குப் பக்கத்துல பச்சை டிக் இருந்துச்சு, 'சரிபார்க்கப்பட்டது'ன்னு. அந்த டிக்க நம்பித்தான் முதல் தடவ போன் பண்ணேன்.

அந்த அம்மா பேசுனாங்க பாருங்க, "உன் தம்பி எனக்கு மகன் மாதிரிங் கண்ணு, எம் பொண்ணுக்கு அக்கா இல்லைங்கற குறைய நீதான் தீக்கணும்". நான் அன்னிக்கு அழுதுட்டேன்.

மூணு படம் வந்துச்சு. ரெண்டு, பொண்ணு தனியாப் பட்டுச் சேலைல. ஒண்ணு, அம்மாவும் பொண்ணும் ஏதோ கோயில் வாசல்ல. இப்ப அந்தப் படங்கள எடுத்து வச்சுப் பாக்கறப்ப கண்ணுக்கு முன்னாடி தெரியுது, அன்னிக்குத் தெரியல. சேலைப் படம் ரெண்டுலயும் முந்தானை வலது தோள்ல கிடக்குது. நம்ம பக்கம் யாராவது முந்தானைய வலது தோள்ல போடுவோமா? வடக்க குஜராத்திக் கட்டு கட்டுறவங்க வலது தோள்ல முன்பக்கமா விடுவாங்க, ஆனா இது நம்ம கொசுவக் கட்டு. படத்த எடுத்து இடம் வலம் திருப்பிப் போட்டிருக்கானுங்க. ஏன் திருப்பறாங்கன்னு சித்தி பையன் சொல்லித்தான் தெரிஞ்சுது. நாம அந்தப் படத்த கூகுள் லென்ஸ்ல போட்டுத் தேடுனா அசல் படம் சட்டுன்னு மாட்டக் கூடாதுன்னுதான். ஓரத்துல இருந்த கடை போர்டயும் வெட்டி எடுத்துட்டானுங்க, திரும்புன எழுத்து காட்டிக் குடுத்துடும்ல. (செல்ஃபிய வச்சு இப்படி முடிவு பண்ணாதீங்க. சில போன்ல முன் கேமரா தானாவே திருப்பித்தான் பதியும். இது யாரோ எதிர்ல நின்னு எடுத்த படம்.)

வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தி பையன் செஞ்சது ரெண்டு நிமிஷ வேலை. போன் கேலரில எடிட் போய் படத்த மறுபடி திருப்புனான். முகமும் சேலையும் மட்டும் தெரியற மாதிரி வெட்டுனான். லென்ஸ்ல போட்டான். நாலாவதோ அஞ்சாவதோ வந்த முடிவு அதே சேலை, அதே சிரிப்பு, முந்தானை இடது தோள்ல. வேற மாநிலத்துல ஆன்லைன்ல சேலை விக்கற ஒரு பொண்ணு. கல்யாணமாகி ரெண்டு குழந்தை இருக்கு. செய்தி அனுப்புனோம். "நீங்க எனக்குச் செய்தி போடுற நாலாவது குடும்பம்"னு அந்தப் பொண்ணு பதில் போட்டுச்சு. அதுவும் பாவம், என்ன பண்ணும்.

கோயில் படம் எங்கயுமே மாட்டல. ஒண்ணும் மாட்டலைன்னா நல்ல படம்னு நெனைக்காதீங்க, இந்தப் படத்துலதான் நான் ஏமாந்தேன். அது திருடுன படமே இல்ல, கம்ப்யூட்டர் வரைஞ்சது. சேலை விக்கற பொண்ணு முகத்தக் குடுத்து, அம்மான்னு ஒரு முகத்தச் சேத்துச் செஞ்சிருக்கானுங்க. பெருசு பண்ணிப் பாத்தா பின்னாடி பூக்கடை போர்டுல தமிழ் மாதிரி ஏதோ இருக்கு, ஆனா ஒரு எழுத்து கூட எழுத்து இல்ல. 'ழ' மாதிரி ஒண்ணு, அதுக்கு ரெண்டு கொம்பு. அந்த அம்மா கையில இருக்கற வளையல்ல ஒண்ணு பாதில தோலுக்குள்ள போய் முடியுது. பொண்ணோட ஒரு காதுல ஜிமிக்கி, இன்னொரு காதுல வெறும் கல்லுத் தோடு. நான் இந்தப் படத்த தினமும் பாத்தேங்க. முகத்த மட்டும் பாத்தேன். முகம் சுத்தமா இருந்துச்சு. முகத்த அவனுங்க நல்லாத்தான் வரையறானுங்க, ஓரத்துலதான் கோட்ட விடுறானுங்க. இப்ப வர்ற படங்கள்ல இந்தத் தப்பும் கொறஞ்சுட்டு வருதாம், அதனால ஒரு தப்பும் தெரியலைன்னாலும் நம்பிடாதீங்க.

எனக்கும் சந்தேகம் வராம இல்ல. வீடியோ கால்ல பேசணும்னு கேட்டேன். ரெண்டு தடவ சாக்கு. மூணாவது தடவ, ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு அவங்களே கூப்பிட்டாங்க. திரைல அந்தப் பொண்ணு! வெளிர்நீலச் சுவரு, சிரிச்ச முகம். சத்தம் மட்டும் வரல. "மைக் போச்சுக்கா"ன்னு எழுத்துல வருது. "சாப்டியாம்மா"ன்னு கேட்டேன், தலைய ஆட்டுச்சு. முடிய எடுத்துக் காதுக்குப் பின்னாடி ஒதுக்குச்சு. 40 செகண்டு இருக்கும், "நெட் இல்லக்கா"ன்னு வந்து கட் ஆச்சு. பின்னாடி நின்ன தம்பி முகத்துல அன்னிக்கு இருந்த சந்தோஷத்த நான் எப்படி மறப்பேன்.

அவன் மறுபடி பாக்கறதுக்காக அந்த வீடியோ காலைத் திரையோட பதிஞ்சு வச்சிருந்தான். வெள்ளிக்கிழமை அதப் போட்டுப் பாத்தோம். ஆறாவது செகண்டுல தலையாட்டுது, அப்புறம் முடிய ஒதுக்குது. இருபதாவது செகண்டுல மறுபடி அதே தலையாட்டு, அதே ஒதுக்கு. முப்பத்திநாலாவதுல மறுபடியும். பதினாலு செகண்டு வீடியோ ஒண்ணத் திரும்பத் திரும்ப ஓட்டிருக்கானுங்க. அந்தச் சேலைக்காரப் பொண்ணு நேரலைல பேசறதுலருந்து வெட்டுனது. நான் சாப்டியான்னு கேட்ட நேரமும் அது தலையாட்டுன நேரமும் ஒத்துப்போச்சு, அவ்வளவுதான். அந்த ஒரு தலையாட்டுக்கு நான் குடுத்த விலை 1,37,500.

அந்தக் காலுக்கு அடுத்த நாள்தான் காசு கேக்க ஆரம்பிச்சாங்க. அம்மாவுக்கு டெஸ்டு எடுக்க 12,500. ஆஸ்பத்திரி அட்வான்ஸ் 45,000. அப்புறம் பொண்ணுக்குப் போட வச்சிருந்த நகை அடகுல இருக்கு, வெள்ளிக்கிழமை ஏலத்துக்கு வந்துடும், 80,000 இருந்தா மீட்டுடலாம், நிச்சயத்தன்னிக்குத் திருப்பிக் குடுத்துடறோம்னு. ஏலம்னா எந்த வீட்டுப் பொம்பளைக்கும் மனசு பதறும். அதத் தெரிஞ்சுதான் கேட்டிருக்கானுங்க.

இனி அப்புறம் நடந்தது. ஆப்காரங்களுக்குப் போன் பண்ணா இருபது நிமிஷம் பாட்டு. எடுத்த பையன் சொல்றான், "மேடம், டிக்குன்னா அவங்க மொபைல் நம்பருக்கு ஓ.டி.பி. போச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், ஆள நாங்க சரிபாக்கறது இல்லைங்க". அத டிக்குக்குப் பக்கத்துல எழுத வேண்டியதுதான? மெயில் போடச் சொன்னாங்க, போட்டேன். மறுநாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'ன்னு வந்துச்சு. என்னத்தத் தீத்தாங்க? அந்தப் ப்ரொஃபைல எடுத்துட்டாங்க, அவ்வளவுதான். எனக்குச் சாட்சியா இருந்ததும் அதோட போச்சு. நல்லவேளை சித்தி பையன் முன்னாடியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சான்.

பேங்க்ல, "உங்க பின் நம்பர் போட்டு நீங்களே அனுப்புனது, நாங்க என்ன பண்றதுங்க". ஒரு ஆபீசர் நிமிந்து கூடப் பாக்கல. சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் கூப்பிட்டேன். பணம் அதுக்குள்ள ரெண்டு கணக்கு தாண்டிப் போயிடுச்சு, 6,200 மட்டும் நிறுத்தி வச்சிருக்காங்களாம். வியாழக்கிழமை ராத்திரியே கூப்பிட்டிருந்தா இன்னும் கொஞ்சம் நின்னிருக்கும்னு அவங்களே சொன்னாங்க. தம்பி சொல்லிக்காட்டல. பேசவே மாட்டேங்கறான், அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு விலாவாரியா எழுதணும்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது. முக்கியமானத மட்டும் சொல்றேன்.

வீடியோ கால்ல ரெண்டு நிமிஷம் போதும், ஆனா சத்தத்தோட இருக்கணும். மைக் போச்சுன்னா "சரிம்மா, இன்னொரு போன்ல நாளைக்குப் பேசலாம்"னு வச்சுடுங்க, அதுவரைக்கும் ஒரு ரூபா பேச்சு வேண்டாம். கால் நடுவுல, முன்கூட்டிச் சொல்லாம, ஏதாவது செய்யச் சொல்லுங்க. முகத்த முழுசா பக்கவாட்டுல, காது தெரியற மாதிரித் திருப்பச் சொல்லுங்க. கைய முகத்துக்குக் குறுக்க மெதுவா கொண்டுபோகச் சொல்லுங்க. ஓட்டுற வீடியோவால அது முடியாது. கம்ப்யூட்டர்ல வேற முகத்த ஒட்டிட்டுப் பேசறவனா இருந்தா, பல நேரம் திரும்பறப்ப தாடை ஓரமும் காதும் நெளியும், கை போற இடத்துல முகம் கலங்கும். அப்புறம் பின் கேமராவுக்கு மாத்தி வீட்டு வாசலக் காட்டச் சொல்லுங்க. நெஜமான குடும்பம் கோவிச்சுக்காது. "எங்களுக்கும் காட்டுங்க"ன்னுதான் சொல்லும், நீங்களும் காட்டுங்க.

தெரிஞ்ச முகமா இருந்தாலும் விடாதீங்க. 2023ல கோழிக்கோட்டுல ஒருத்தருக்கு, முன்னாடி கூட வேலை பாத்தவரோட முகத்துலயே வீடியோ கால் வந்துச்சு. கொஞ்ச செகண்டுதான் பேச்சு, ஆபரேஷன் செலவுன்னு 40,000 வாங்கிட்டாங்க. முகம் போலின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு. இதெல்லாம் சரியாச் செஞ்சா, அந்த முகத்தோட ஒரு ஆள் இருக்காங்கறது மட்டும்தான் தெரியும். அந்த ஆளே கூட்டத்துல ஒருத்தியா இருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பாக்காம, சொந்தபந்தத்துல விசாரிக்காம காசு அனுப்பாதீங்க. கேட்டாங்கன்னா அங்கயே நிறுத்துங்க.

அனுப்பிட்டீங்கன்னா அழுதுட்டு உக்காராதீங்க. அந்த நிமிஷமே 1930, இல்லைன்னா cybercrime.gov.in. ஆப்புக்குப் புகார் பண்றதுக்கு முன்னாடி ப்ரொஃபைல், சாட், பணம் போன ரசீது எல்லாத்தையும் படம் பிடிச்சு வச்சுக்கோங்க.

நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அந்தப் பதினாலு செகண்டு வீடியோவப் பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போறேன்.