பதினைந்து வீடுகளின் வருமானம்: சராசரி, இடைநிலை அளவு, முகடு

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதியில், பதினைந்து வீடுகள் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். தெருவும் அதன் எண்களும் இந்தக் கணக்குக்காக நான் அமைத்தவை. ஆனால் டெல்டாவில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வீடுகள் புதிதாகத் தோன்றாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆண்டில் கிடைத்த நிகர வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஏறுவரிசையில் எழுதினால் இப்படி வருகிறது:

```
6000, 7500, 8000, 9000, 9000, 9000, 9000, 10500,
11000, 12000, 13000, 15000, 18000, 28000, 120000
```

முதல் எண் முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலை, இரண்டு ஆடுகள் ஆகியவற்றை நம்பி வாழும் ஒரு மூதாட்டியின் வீடு. 9,000 ரூபாய் வருமானமுள்ள நான்கு வீடுகளும் நடவு, களையெடுப்பு நாள்களில் வயலுக்கும், மற்ற நாள்களில் கட்டட வேலைக்கும் செல்பவர்களின் வீடுகள். எட்டாவதாக நிற்கும் 10,500 ரூபாய் வீட்டினர், ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்து, இரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கிறார்கள். 28,000 ரூபாய் வீட்டின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கடைசி வீட்டுக்கு இரண்டு வேலி சொந்த நிலமும், ஓர் அரிசி ஆலையும், வாடகைக்கு ஓடும் அறுவடை இயந்திரங்களும் உண்டு.

இந்தப் பதினைந்து எண்களையும் கூட்டினால் 2,85,000 வருகிறது. அதைப் பதினைந்தால் வகுத்தால் கூட்டுச்சராசரி 19,000 ரூபாய். வரிசையின் நடுவில் நிற்கும் எட்டாவது வீட்டின் வருமானமான 10,500 ரூபாய் இடைநிலை அளவு. மிகுதியான முறை திரும்ப வரும் 9,000 ரூபாய் முகடு. கணினி விரிதாளில் இந்த எண்களை B2 முதல் B16 வரையுள்ள கட்டங்களில் இட்டால், மூன்றையும் மூன்று வரிகளில் பெறலாம்:

```
=AVERAGE(B2:B16)
=MEDIAN(B2:B16)
=MODE(B2:B16)
```

ஒரே தெருவைப் பற்றிய மூன்று விடைகளும் கணக்கின்படி சரியானவையே. இருந்தாலும் அறிக்கைகளில் பெரும்பாலும் இடம்பெறுவது முதலாவது மட்டும்தான். ‘இத்தெருவில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 19,000 ரூபாய்’ என்ற வரியைப் படிக்கும் எவரும், அந்தத் தெருவில் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் ஏறத்தாழ 19,000 ரூபாயில் வாழும் குடும்பத்தைக் காணலாம் என்றே நினைப்பார். உண்மையில் அந்த அளவை எட்டியவை இரண்டே வீடுகள். பதின்மூன்று வீடுகள் ‘சராசரிக்குக் கீழே’ இருக்கின்றன. கடைசி வீட்டை மட்டும் விலக்கி, மீதிப் பதினான்கு வீடுகளுக்குச் சராசரி எடுத்தால் அது 11,786 ரூபாயாக இறங்கிவிடுகிறது. ஒரு வீட்டை எடுத்தவுடன் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் சரியும் ஓர் எண்ணை அந்தத் தெருவின் நிலையென்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்குக் காரணம் சராசரியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வீடும் தன் வருமானத்தின் அளவுக்கு அதை இழுக்கிறது; 9,000 ரூபாய்க் கூலி வீடுகள் பதின்மூன்று இருந்தாலும் அவை சேர்ந்து இழுப்பதைவிட ஆலை வீடு தனியாகவே அதிகமாக இழுக்கிறது. இடைநிலை அளவிலோ ஒரு வீட்டுக்கு ஓரிடம்தான். கடைசி வீட்டின் வருமானம் 30,000 ஆனாலும் மூன்று லட்சம் ஆனாலும் எட்டாவது இடத்தில் நிற்பவர் மாறுவதில்லை. வருமானத்துக்குக் கீழே ஏறத்தாழ ஓர் எல்லை உண்டு, மேலே எல்லை இல்லை. ஆகவே பெரும்பாலான ஊர்களின் வருமான எண்கள் கீழே நெருங்கிக் குவிந்து, மேலே நீண்ட வாலாக விரிகின்றன. அப்படி விரியும்போது முகடு கீழேயும், இடைநிலை நடுவிலும், சராசரி மேலேயும் நிற்பதே வழக்கம். நம் தெருவின் 9,000, 10,500, 19,000 என்ற வரிசையும் அதுதான்.

சராசரி தவறான அளவு என்று நான் சொல்லவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து, 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அங்கே சராசரிக்குப் பொருள் உண்டு. ஈரமான நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கிளறினால், அந்தச் சராசரி ஈரம்தான் உண்மையிலேயே குவியலின் ஈரமாகிறது. வருமானம் அப்படிக் கலப்பதில்லை. ஆலை வீட்டின் பணமும் மூதாட்டியின் பணமும் ஒரே குதிரில் கொட்டப்படுவதில்லை. கலக்காத பொருளுக்குக் கலவையின் அளவைச் சொல்லும்போதுதான் கேட்பவர் ஏமாறுகிறார்.

இதைவிடக் கவலை தரும் நிலை, ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தைச் சராசரியால் மட்டும் அளக்கும்போது வருகிறது. அடுத்த ஆண்டு குறுவைக்குத் தண்ணீர் உரிய நேரத்தில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நடவு வேலை குறைந்து, வரிசையின் முதல் பத்து வீடுகளும் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் இழக்கின்றன. வெளி மாவட்ட நெல்லை வாங்கி அரைத்த ஆலை வீட்டுக்கு மட்டும் மாதம் 40,000 ரூபாய் கூடுகிறது. தெருவின் மொத்தம் இப்போது 3,15,000, சராசரி 21,000. அறிக்கையில் ‘சராசரி வருமானம் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது’ என்று எழுதலாம், அதில் ஒரு பொய்யும் இருக்காது. அதே ஆண்டில் இடைநிலை அளவு 10,500-லிருந்து 9,500-க்கும், முகடு 9,000-லிருந்து 8,000-க்கும் இறங்கியிருக்கின்றன. பதினைந்தில் பத்து வீடுகள் ஏழ்மையை நோக்கி நகர்ந்த ஓர் ஆண்டை வளர்ச்சி ஆண்டாகப் பதிவு செய்வது, நிவாரணமும் கடன் தள்ளிவைப்பும் கேட்டு நிற்கும் மக்களுக்கு நேரடியாகத் தீங்கு செய்வதாகும்.

முகட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்கு வீடுகள் ஒரே எண்ணைச் சொன்னது, அவர்கள் ஒரே கூலி விகிதத்தில் ஒரே விதமான வேலை பார்ப்பதால்தான். அந்தத் தெருவின் பொதுவான பிழைப்பு எது என்பதை முகடு காட்டிவிடுகிறது. ஆனால் வருமானத்தைக் கேட்டால் மக்கள் முழு ஆயிரங்களாகவே சொல்வார்கள். உண்மையில் இல்லாத முகடுகளை அந்தப் பழக்கமே உண்டாக்கிவிடும். இதைத் தவிர்க்க எண்களைப் பிரிவுகளாகத் தொகுத்து, பள்ளிப் பாடத்தில் வரும் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் வேறு சிக்கல் எழுகிறது:

```
முகடு = L + (f1 − f0) / (2·f1 − f0 − f2) × h
```

இதில் L என்பது முகடு விழும் பிரிவின் கீழ் எல்லை, h பிரிவின் அகலம், f1 அப்பிரிவில் உள்ள வீடுகள், f0, f2 முன்னும் பின்னும் உள்ள பிரிவுகளின் வீடுகள். 5,000-லிருந்து ஐயாயிரம் ரூபாய் அகலத்தில் பிரித்தால் முதல் பிரிவில் ஏழு வீடுகளும் அடுத்ததில் நான்கும் விழுந்து, முகடு 8,500 வருகிறது. 6,000-லிருந்து மூவாயிரம் ரூபாய் அகலத்தில் பிரித்தால் 9,000 முதல் 12,000 வரையுள்ள பிரிவில் ஆறு வீடுகள் விழுந்து, முகடு ஏறத்தாழ 10,286 ஆகிறது. தெரு மாறவில்லை, கோடு போட்ட இடம்தான் மாறியது. ஆகையால் முகட்டைத் தனியாக நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இடைநிலை அளவுக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. கீழேயுள்ள ஐந்து வீடுகளின் வருமானம் முழுவதும் நின்றுபோனாலும் எட்டாவது வீடு அதே 10,500-இல் நிற்கும். அதாவது பஞ்சம் அடித்தட்டோடு நின்றால் இடைநிலை அளவு வாய் திறக்காது. மேலும், தெருவின் மொத்த வருமானம் எவ்வளவு, கூட்டுறவுச் சங்கத்தில் எவ்வளவு சேமிப்பைத் திரட்டலாம் போன்ற கேள்விகளுக்கு அதனால் விடை சொல்ல முடியாது. 19,000-ஐப் பதினைந்தால் பெருக்கினால் மொத்தம் திரும்பக் கிடைக்கிறது. 10,500-ஐப் பெருக்கினால் கிடைப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. மொத்தம் வேண்டிய இடத்தில் சராசரிக்கு மாற்றே கிடையாது.

சராசரியின் இந்தக் கூட்டும் பண்பே பெரிய கணக்கெடுப்புகளில் ஒரு புதிய மயக்கத்தையும் உண்டாக்குகிறது. 2019-ஆம் ஆண்டு முழுவதும் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 77-ஆவது சுற்றில், இந்திய வேளாண் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று கண்டறியப்பட்டது. அதில் கூலி, சம்பளத்திலிருந்து 4,063 ரூபாயும், பயிர்ச் சாகுபடியிலிருந்து 3,798 ரூபாயும், கால்நடையிலிருந்து 1,582 ரூபாயும், எஞ்சியது நிலக் குத்தகை, பிற தொழில்களிலிருந்தும் வந்தன. இதைப் படித்தவுடன், ஒரு கையில் கூலியும் மறு கையில் சாகுபடியுமாக வாழும் ஒரு ‘சராசரி விவசாயி’ மனத்தில் தோன்றிவிடுகிறார். நம் தெருவைப் பாருங்கள்: ஆலை வீட்டுக்குக் கூலி வருமானம் இல்லை, 9,000 ரூபாய் வீடுகளுக்குச் சாகுபடி இல்லை. பகுதிகளின் சராசரிகளைக் கூட்டி உருவாக்கிய அந்தக் குடும்பம் எந்தத் தெருவிலும் இல்லாமலே போகலாம். பயிர் விலையை உயர்த்தினால் இந்தச் ‘சராசரி விவசாயி’க்கு இவ்வளவு கூடும் என்று கணக்கிட்டால், கூடுதல் பணத்தில் பெரும்பங்கு நிலம் மிகுதியாக உள்ளவர்களுக்கே போகும் என்பது அந்தக் கணக்கில் தெரியாது.

ஆகவே வருமானத்தைப் பற்றி ஒரே ஒரு எண் கண்ணில் பட்டால், நான் முதலில் அதன் அருகே இடைநிலை அளவைத் தேடுவேன். சராசரியை அதனால் வகுத்தால் நம் தெருவுக்கு 1.8 வருகிறது, இந்த ஈவு ஒன்றை ஒட்டி இருந்தால் சராசரியை ஓரளவு நம்பலாம், ஒன்றரையைத் தாண்டினால் மேலே ஒரு வால் நீள்கிறது என்று கொள்ளலாம். இடைநிலை அளவு தரப்படவில்லையென்றால் நில அளவு வாரியான அட்டவணையைப் பார்ப்பேன். ஒரு ஏக்கருக்குக் கீழ் உள்ளவர்களின் எண்ணும் பெருநிலக்காரர்களின் எண்ணும் தனித்தனியே தெரிந்தால் போதும்.

அடுத்து, வருமானம் எந்த மாதத்தில், எதைக் கழித்துக் கேட்கப்பட்டது என்று பார்ப்பேன். தை மாதத்தில் சம்பா நெல்லை விற்ற கையோடு கேட்டால் குத்தகைக்காரர் பெருந்தொகை சொல்வார். அதிலிருந்து குத்தகையும் உரக்கடைக் கடனும் இயந்திர வாடகையும் இன்னும் போயிருக்காது. பக்கத்துத் தெருவையும் சேர்த்து ஊர் முழுவதற்கும் இடைநிலை அளவு வேண்டுமென்றால் இரண்டு தெருக்களின் இடைநிலை அளவுகளைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. எல்லா வீடுகளையும் மறுபடி ஒரே வரிசையில் நிறுத்தியாக வேண்டும். அதற்கு வீடு வாரியான மூலப் பட்டியல் வேண்டும். கணக்கெடுத்தவர்களிடம் கேட்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.