ஸ்டார்-டெல்டா போட்டும் பிரேக்கர் விழுகிறதே? மூன்று ஸ்டார்ட்டர்களும் முதல் சில நொடிகளும்

ஒரு ப்ளோயர். அதை ஓட்ட 37 கிலோவாட் மோட்டார், 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டார்ட்டர் ஸ்டார்-டெல்டா. பட்டனை அமுக்கினால் மோட்டார் ஒழுங்காகக் கிளம்பும். எட்டாவது நொடியில் டெல்டாவுக்கு மாறும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம், உடனே பிரேக்கர் விழுந்துவிடும். சில நாள் விழாது, பல நாள் விழும். “ஸ்டார்-டெல்டா போட்டால் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்றுதானே சொன்னார்கள்?” என்று அங்கே இருந்தவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அந்த மூன்றில் ஒரு பங்கு எந்த நொடிக்குப் பொருந்தும், எந்த நொடிக்குப் பொருந்தாது என்பதில்தான் பதில் இருக்கிறது. இதே மோட்டாரை வைத்தே, நேரடியாக லைனில் போடுவது, ஸ்டார்-டெல்டா, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்ற மூன்று முறைகளையும் பார்க்கலாம்.

இந்த மோட்டாரின் முழுச்சுமை கரண்ட் ஏறக்குறைய 67 ஆம்பியர். நேரடியாக லைனில் போட்டால், அதாவது டி.ஓ.எல். முறையில், நின்றுகொண்டிருக்கும் மோட்டார் அதைப்போல ஆறு மடங்கு, சுமார் 400 ஆம்பியர் இழுக்கும். நின்ற நிலையில் ரோட்டார் என்பது செகண்டரியை ஷார்ட் செய்து வைத்த டிரான்ஸ்ஃபார்மர் மாதிரிதான், அதனால்தான் இந்த இழுப்பு. இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. வேகம் ஏற ஏறக் கரண்ட்டும் அதே அளவில் படிப்படியாகக் குறையும் என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. பாதி வேகத்திலும் கரண்ட் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் நிற்கும். முக்கால் வேகத்தைத் தாண்டி, முழு வேகத்தை நெருங்கும்போதுதான் சடாரென்று சரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ப்ளோயரின் கதையே இதில்தான் இருக்கிறது.

அந்த 400 ஆம்பியருக்கும் முன்னால் இன்னொன்று வரும். சுவிட்ச் மூடிய முதல் அரைச் சுழற்சியில் அலை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். 400 ஆம்பியர் என்பது ஆர்.எம்.எஸ். அளவு, அதன் இயல்பான உச்சி 566. இந்தச் சாய்வு சேர்ந்தால் முதல் உச்சி 700-ஐத் தாண்டிவிடும். சாதாரண கிளாம்ப் மீட்டரில் இது தெரியாது. இன்ரஷ் பொத்தான் உள்ள மீட்டர் வேண்டும், இல்லையென்றால் பிரேக்கர் விழுந்து தெரியப்படுத்தும்.

டி.ஓ.எல். பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு: லைன் தாங்கினால் அதையே போடுங்கள். ஒரே கான்டாக்டர், ஒரே ஓவர்லோட் ரிலே, மூன்று கேபிள். பெரும்பாலான மோட்டார்களை நேரடியாகக் கிளப்பினால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. கஷ்டம் லைனுக்கும், பெல்ட், கப்ளிங் போன்றவற்றுக்கும்தான். இந்த மோட்டாரை 5 சதவீத இம்பீடன்ஸ் கொண்ட 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் நேரடியாகக் கிளப்பினால் வோல்டேஜ் சுமார் ஐந்தரை சதவீதம் விழும். விளக்கு ஒரு கணம் மங்கும், அவ்வளவுதான். அதே மோட்டாரை 125 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் கிளப்பிப் பாருங்கள். கால்வாசிக்கு மேல் வோல்டேஜ் சரியும், பக்கத்துப் பேனல்களில் கான்டாக்டர்கள் படபடவென்று விழலாம். வோல்டேஜ் சரிந்தால் மோட்டாரின் டார்க்கும் குறையும், எனவே கிளம்பவும் நேரமாகும். ஆகவே முதலில் மோட்டாரைப் பார்க்காதீர்கள், பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, ஸ்டார்-டெல்டா. டெல்டாவில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் முழு 400 வோல்ட் கிடைக்கும். ஸ்டாரில் அது 231 ஆகிறது, அதாவது 58 சதவீதம். வைண்டிங்கில் ஓடும் கரண்ட்டும் 58 சதவீதம். டெல்டாவில் லைன் கரண்ட் வைண்டிங் கரண்ட்டைவிட 1.73 மடங்கு அதிகம், ஸ்டாரில் இரண்டும் ஒன்றே. இரண்டு குறைவும் சேர்ந்து லைனில் 400 ஆம்பியர் 133 ஆகிறது. கணக்கு சரிதான். ஆனால் டார்க் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அதுவும் மூன்றில் ஒன்றுதான். இந்த மோட்டாருக்கு முழுச்சுமை டார்க் 240 நியூட்டன் மீட்டர். நேரடியாகப் போட்டால் கிளம்பும்போது அதைப்போல 1.8 மடங்கு, 430-க்குக் கொஞ்சம் மேல், கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாரில் 144-தான் மிஞ்சும்.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரும் வோல்டேஜைக் குறைத்து இதே வேலையைத்தான் செய்கிறது. 65 சதவீத டேப்பில், அதாவது மோட்டாருக்கு 65 சதவீத வோல்டேஜ் தரும் முனையில், மோட்டாருக்குப் போவது 260 ஆம்பியர். லைனிலிருந்து இழுப்பது அதிலும் 65 சதவீதம், 169 ஆம்பியர். டார்க் 42 சதவீதம். 80 சதவீத டேப்பில் லைன் கரண்ட் 256 ஆம்பியர், டார்க் 64 சதவீதம். கவனித்தீர்களா? லைன் கரண்ட்டும் டார்க்கும் ஒரே விகிதத்தில்தான் இறங்குகின்றன, ஸ்டார்-டெல்டாவில் நடந்தது போலவே. அதனால் ஸ்டார்-டெல்டாவை, 58 சதவீதத்தில் ஒரே ஒரு டேப் உள்ள, மாற்ற முடியாத ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்றே சொல்லலாம். ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு டார்க் என்று பார்த்தால் இரண்டில் எதுவும் மற்றதைவிட உசத்தி இல்லை. ஒன்றில் டேப்பை மாற்றலாம், மற்றதில் முடியாது. இன்னொரு வேறுபாடு மாறும் நொடியில் இருக்கிறது.

இப்போது ப்ளோயருக்கு வருவோம். அனலாக் அம்மீட்டர் முன் நின்று பார்த்தேன். பட்டனை அமுக்கியதும் முள் 130-க்குப் பக்கத்தில் போய் நின்றது. நொடிகள் போயின, முள் அசையவில்லை. எட்டாவது நொடியிலும் 120-க்குக் குறையவில்லை. அந்த நேரத்தில் டைமர் டெல்டாவுக்கு மாற்றியது, முள் கடைசி வரைக்கும் பாய்ந்தது. முள் கீழே வரவில்லை என்றால் மோட்டார் இன்னும் வேகம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கனமான விசிறி, டேம்பர் முழுவதும் திறந்திருந்தது, ஸ்டாரில் டார்க்கும் குறைவு; முழு வேகத்தில் பாதியைச் சற்றுத் தாண்டியிருந்திருக்கும். அந்த வேகத்தில் டெல்டாவில் போட்டால் என்ன கரண்ட் வரும்? மேலே சொன்னேனே, கிட்டத்தட்ட டி.ஓ.எல். கரண்ட்டேதான், 350 ஆம்பியர் போல. எட்டு நொடி காத்திருந்து நேரடியாகக் கிளப்பியதற்குச் சமம். இதைவிட மோசமான நிலையும் உண்டு: சுமையோடு நிற்கும் கம்ப்ரசரில் ஸ்டாரின் டார்க் போதாமல் மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும், டைமர் முடிந்ததும் டெல்டாவில்தான் உண்மையில் கிளம்பும்.

ஆனால் அந்த ‘டப்’புக்குக் காரணம் 350 ஆம்பியர் மட்டும் இல்லை. ஸ்டார் கான்டாக்டர் விலகி டெல்டா சேரும்வரை ஒரு இடைவெளி, சுமார் 50 மில்லி செகண்ட், மோட்டார் லைனை விட்டுத் தனியாக இருக்கிறது. இந்த இடைவெளி தேவை. இல்லையென்றால் ஸ்டார் கான்டாக்டரின் ஆர்க் அணைவதற்குள் டெல்டா மூடி ஃபேஸுக்கு ஃபேஸ் ஷார்ட் ஆகிவிடும். ஆனால் அந்தச் சின்ன நேரத்திலும் ரோட்டாரில் காந்தப்புலம் சாகவில்லை. சுழல்கிறது, வைண்டிங்கில் வோல்டேஜ் உண்டாக்குகிறது, வேகம் குறையக் குறைய அந்த வோல்டேஜ் லைனைவிடப் பின்தங்குகிறது. டெல்டா மூடும் நொடியில் லைன் ஒரு பக்கம், ரோட்டார் தரும் வோல்டேஜ் எதிர்ப்பக்கம் என்று அமைந்துவிட்டால், இரண்டும் கூடிக்கொண்டு டி.ஓ.எல். உச்சியையும் மிஞ்சும் ஒரு கரண்ட் உச்சி எழும்பும். அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்காது, அதனால்தான் சில நாள் விழுந்தது, சில நாள் விழவில்லை. ஸ்டார்-டெல்டாதானே என்று பிரேக்கரின் உடனடி ட்ரிப்பையும் குறைத்து வைத்திருந்தார்கள்.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் தேறுவது இங்கேதான். கோர்ண்டோர்ஃபர் இணைப்பில் முதலில் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்டார் புள்ளியை மட்டும் திறப்பார்கள். வைண்டிங்கின் ஒரு பகுதி லைனுக்கும் மோட்டாருக்கும் நடுவே ரியாக்டராக நிற்கும். அப்புறம்தான் முழு வோல்டேஜ். மோட்டார் ஒரு கணமும் லைனை விடுவதில்லை, எனவே எதிர்பாராத உச்சியும் இல்லை. மூன்று முனை மட்டும் வெளியே வரும் மோட்டாருக்கும் இதைப் போடலாம். விலை, எடை, இடம் எல்லாம் கூட. அதைவிட முக்கியம், அதன் வைண்டிங் சில நொடிகளுக்காகச் செய்யப்பட்டது. அடுத்தடுத்து நாலு தடவை கிளப்பிப் பார்த்தாலோ, ரன் கான்டாக்டர் சிக்கி டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே மோட்டார் ஓடினாலோ வார்னிஷ் வாசனை வரும். உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா, அதை கண்ட்ரோல் சர்க்யூட்டில் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். அடிக்கடி கிளப்பி நிறுத்தும் இயந்திரத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இந்த ப்ளோயருக்கு அது தேவைப்படவில்லை. இது சென்ட்ரிஃபியூகல் விசிறி, டேம்பரை மூடினால் சுமை குறையும். மூடி வைத்துக் கிளப்பினோம், டைமரை 20 நொடிக்கு ஏற்றினோம். பதினைந்தாவது நொடி வாக்கில் முள் தானாகவே கீழே இறங்கி 40-க்கும் கீழே போனது. அதன்பிறகு டெல்டா மாறியதில் பெரிய வீச்சு இல்லை. கூடவே ஓவர்லோட் ரிலேயையும் பார்த்தேன். மோட்டார் தகட்டில் உள்ள 67-லேயே வைத்திருந்தார்கள். ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே, டெல்டா வளையத்துக்குள் இருந்தது. அங்கே ஓடுவது 58 சதவீதம்தான், 39 ஆம்பியரில் வைக்க வேண்டும். 67-ல் இருந்தால் வைண்டிங் எரிந்தாலும் அது அசையாது.

அப்படியும் மாறும் நொடியில் ஒரு சிறு அதிர்வு மிச்சமிருந்தது. டெர்மினல் பெட்டியைத் திறந்தபோது தெரிந்தது. கேபிள்கள் U1 உடன் V2, V1 உடன் W2, W1 உடன் U2 என்று டெல்டாவில் சேர்ந்திருந்தன. வலச்சுற்றுக்கு அதுதான் சரியான வரிசை. அந்த வரிசையில் டெல்டாவின் வோல்டேஜ் ஸ்டாரைவிட 30 டிகிரி பின்தங்கி வரும், பின்தங்கும் ரோட்டார் வோல்டேஜோடு ஒத்துப்போகும். ஆனால் எப்போதோ விசிறி தலைகீழாகச் சுற்றியதென்று, வரும் லைனில் இரண்டு ஃபேஸை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள். திசை சரியாகிவிட்டது, டெல்டா வோல்டேஜோ இப்போது 30 டிகிரி முன்னால் போய் நின்றது. U1 உடன் W2, V1 உடன் U2, W1 உடன் V2 என்று இரண்டாவது முனைகளை மாற்றிச் சேர்த்தபிறகு, டெல்டாவுக்கு மாறும்போது ‘டிக்’ என்ற கான்டாக்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது.